‘போனவில்லை’ என்று யாராவது சொல்வார்களா?

தமிழ் பேசிப் பழகிய எவரும் ‘அவன் நேற்று ஊருக்குப் போனவில்லை’ என்று சொல்வதில்லை. இலக்கணப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர் வாயிலும் ‘போகவில்லை’ என்றுதான் வரும். பேச்சு நேற்றைப் பற்றியது. அவன் போயிருந்தால் ‘போனான்’ என்றிருப்போம். ஆனால் ‘இல்லை’ வந்து ஒட்டிக்கொண்டதும் ‘போன’ மறைந்து ‘போக’ என்ற வெறும் வடிவம் வந்துவிடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இதைச் சரியாகச் செய்கிற அதே ஆள், ஆங்கிலம் பேசும்போது ‘ஹீ டிட் நாட் வென்ட்’ என்கிறார். ‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்கிறார். ‘டஸ் ஹீ லைக்ஸ் காஃபி?’ என்று விசாரிக்கிறார்.

நேர்காணலிலும் அலுவலகக் கடிதத்திலும் சட்டென்று கண்ணில் படுகிற பிழை இது. பொருள் கெட்டுவிடுவதில்லை, கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதனாலேயே யாரும் திருத்துவதில்லை, பிழையும் வருஷக்கணக்காக நாக்கில் தங்கிவிடுகிறது. ‘டிட் வந்தால் வி-ஒன் போடு’ என்று பள்ளியில் ஒப்பித்ததெல்லாம் பேசுகிற வேகத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஏன் வி-ஒன் என்பது ஒருமுறை விளங்கிவிட்டால் ஒப்பிக்க வேண்டிய வேலையே இல்லை.

‘ஹீ லைக்ஸ் காஃபி’ என்ற சாதாரண வாக்கியத்தில் ‘லைக்ஸ்’ என்பது பார்ப்பதற்கு ஒரு சொல். உள்ளே இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, பிடிக்கும் என்ற பொருளைத் தரும் ‘லைக்’. மற்றொன்று, இது நிகழ்காலம், எழுவாய் அவனோ அவளோ அதுவோ என்று காட்டும் கடைசி ‘ஸ்’. அந்த ‘ஸ்’ஸைத் தனியே பிரித்து எடுத்தால் அது ‘டஸ்’ ஆகிறது. அதாவது, லைக்ஸ் என்றால் டஸ் கூட்டல் லைக். இதே கணக்கில் ‘வென்ட்’ என்றால் டிட் கூட்டல் கோ. ‘ஸா’ என்றால் டிட் கூட்டல் ஸீ.

இது வசதிக்காகக் கட்டிய கதை இல்லை. ஆங்கிலேயர்களே அந்த ஒளிந்திருக்கும் சொல்லை வெளியே எடுத்துக் காட்டுகிற இடம் ஒன்று உண்டு. ‘நீ போகவே இல்லையாமே’ என்று ஒருவர் குற்றம் சாட்டினால், ‘போனேனே!’ என்று அழுத்திச் சொல்ல ‘ஐ டிட் கோ’ என்பார்கள். அழுத்தம் வந்ததும் ‘வென்ட்’ இரண்டாக உடைந்து ‘டிட்’, ‘கோ’ என்று நிற்கிறது. ‘அவனுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது’ என்பதற்கு ‘ஹீ டஸ் லைக் இட்’. நாமும் ‘செய்’ என்ற வினையைத்தான் இங்கே துணைக்கு அழைக்கிறோம் என்பதைக் கவனித்தீர்களா? ‘பிடிக்க’ வெறுமனே நிற்கிறது, காலம் ‘செய்கிறது’ மேல் ஏறிக்கொள்கிறது.

கேள்வியிலும் மறுப்பிலும் ஆங்கிலம் இந்த உடைப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. ‘டஸ்’ வெளியே வரும்போது ‘ஸ்’ஸையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. பின்னால் நிற்கும் ‘லைக்’கிடம் இனி எதுவும் மிச்சமில்லை. ‘டஸ் ஹீ லைக்ஸ்’ என்பது ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்குவது. 1957-இல் வெளிவந்த நோம் சாம்ஸ்கியின் ‘சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்’ என்ற சிறிய நூல் ஆங்கில வினைகளை ஏறக்குறைய இப்படித்தான் பிரித்துப் பார்த்தது. காலம் என்பது வினையிலிருந்து தனியான ஓர் உறுப்பு. அது ஒட்டிக்கொள்ள வினை பக்கத்தில் இல்லாதபோது, தாங்கிப் பிடிக்க ‘டூ’ வந்து நிற்கிறது. அந்த இடத்தில் ‘டூ’வுக்குச் சொந்தப் பொருள் எதுவும் கிடையாது. சுமை தூக்குவது மட்டுமே அதன் வேலை.

இனி தமிழுக்கு வருவோம். ‘நான் போகவில்லை, நீ போகவில்லை, அவர்கள் போகவில்லை.’ ஆள் மாறினாலும் ‘இல்லை’ மாறுவதில்லை, ‘போக’வும் மாறுவதில்லை. ‘டிட்’ இதற்கு நெருங்கிய சொந்தம். ஐ டிட், யூ டிட், தே டிட் என்று அதுவும் யாருக்காகவும் மாறாது. அடுத்து, ‘போகமாட்டேன், போகமாட்டான், போகமாட்டாள், போகமாட்டார்கள்.’ இங்கே ஆளுக்கு ஆள் மாறுவது ‘மாட்டு’ மட்டும்தான். ‘போக’ அசைவதில்லை. ‘டஸ்’ இந்த வகை. பொருளில் இவை வேறு வேறு, ‘மாட்டான்’ வருங்காலத்தையும் விருப்பமின்மையையும் சொல்வது. ஆனால் இயங்கும் முறை ஒன்று: துணைவினை மாறும், முதன்மை வினை வெறுமனே நிற்கும். ‘போவான்மாட்டான்’ என்பது நம் காதுக்கு எவ்வளவு அபத்தமோ, ‘டஸ் ஹீ லைக்ஸ்’ ஆங்கிலேயர் காதுக்கு அவ்வளவு அபத்தம்.

‘நான் அங்கே போனதில்லை என்கிறோமே, அதில் இறந்தகாலம் இருக்கிறதே’ என்று ஒரு வாசகர் மடக்கலாம். அது வேறு அமைப்பு. ‘போனது’ அங்கே வினைமுற்று இல்லை, பெயராகிவிட்டது; ‘போனது என்பதே கிடையாது’ என்று பொருள். உண்மையான விதிவிலக்கு வேண்டுமானால் பக்கத்து மலையாளத்தில் இருக்கிறது. ‘வரவில்லை’ என்பதற்கு அவர்கள் ‘வந்நில்ல’ என்பார்கள். வந்தது என்ற இறந்தகாலமும் இருக்கிறது, இல்லை என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆக, இரண்டு டிக்கெட் வாங்குவது மனித மொழிக்கே ஒவ்வாத குற்றம் ஒன்றும் இல்லை. தமிழும் ஆங்கிலமும் அப்படி வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

நமக்குள்ளேயே இந்த முறை இருந்தும் ஏன் சறுக்குகிறோம்? ஒரு காரணம் நம் கேள்வி. மறுப்பில் வினையை உடைக்கிற தமிழ், கேள்வியில் அதைத் தொடுவதே இல்லை. ‘போனான்’ என்பதன் வாலில் ஓர் ஆகாரம் சேர்த்தால் ‘போனானா?’. காலம், ஆள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ‘நீ போனாயா?’ என்பது மனத்தில் முழுதாக உருவான பிறகு ஆங்கிலத்தைத் தேடினால், ‘போன’வுக்கு ‘வென்ட்’ தயாராக வந்து நிற்கிறது. கேள்வி என்று காட்ட முன்னால் ஒரு ‘டிட்’ வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. அதாவது ‘டிட்’டை நாம் ஆகாரத்தைப் போல வெறும் கேள்விக்குறியாக நினைத்துவிடுகிறோம். அது காலத்தையும் சுமந்து வருவதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் பழி முழுவதையும் தமிழ் மேல் போடுவது நியாயமில்லை. அப்படியானால் ‘டிட் நாட் வென்ட்’ என்ற மறுப்புப் பிழை நம்மிடம் வந்திருக்கவே கூடாது, ‘போகவில்லை’ நம்மைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இதே இடத்தில் இடறுகிறார்கள். ஹார்வர்டில் ரோஜர் பிரவுன் 1960-களில் மூன்று குழந்தைகளின் பேச்சை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆடம், ஈவ், சாரா என்று ஆய்வுக்காகப் பெயரிடப்பட்ட அவர்களின் பேச்சை ஆராய்ந்தவர்கள், ‘டிடின்ட்’டுக்குப் பின்னால் இறந்தகால வினையையே வைத்துச் சொன்ன வாக்கியங்களைக் குறித்திருக்கிறார்கள். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லும்போது இறந்தகாலச் சொல் தானாகவே முந்திக்கொண்டு வருகிறது என்பதே இதிலிருந்து தெரிவது. வளர வளர அந்தக் குழந்தைகளிடம் அது உதிர்ந்துவிடுகிறது. தினமும் ஆயிரம் தடவை சரியான வாக்கியத்தைக் கேட்கிற வாய்ப்பு அவர்களுக்கு உண்டு.

ஆங்கிலமே இந்த ‘டூ’வுக்குப் பழக நெடுங்காலம் எடுத்துக்கொண்டது என்பது கொஞ்சம் ஆறுதல். பழைய ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வினையைத் தூக்கி எழுவாய்க்கு முன்னால் வைத்தால் போதும். ஜெர்மன் இன்றும் அப்படித்தான் கேட்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ‘டூ’ மெல்ல மெல்ல நுழைந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வர் எல்லெகோர்ட் பழைய நூல்களையெல்லாம் சலித்து எண்ணி, இந்த நுழைவின் வேகத்தை 1953-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டு முறையும் அருகருகே புழங்கின. 1611-இன் ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில் ‘டூ’ இல்லாத கேள்விகள் நிறைய. 1700 வாக்கில்தான் இன்றைய வழக்கம் பெரும்பாலும் நிலைபெற்றது.

சரி, சொன்னதோ எழுதியதோ சரிதானா என்று பார்ப்பது எப்படி? தமிழில் வினைகள் வரிசையாக வந்தால் காலமும் ஆளும் கடைசி வினையில் உட்காரும். ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்பதில் ‘இருந்தேன்’தான் எல்லாவற்றையும் சொல்கிறது, ‘எழுதி’யும் ‘கொண்டு’ம் எவர் எழுதினாலும் எப்போது எழுதினாலும் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். வரிசையில் முதலாவதாக நிற்கும் வினைதான் காலத்தைத் தாங்கும். ‘ஐ வாஸ் ரைட்டிங்’ என்பதில் ‘வாஸ்’. ‘ஷீ ஹேஸ் பீன் ரைட்டிங்’ என்பதில் ‘ஹேஸ்’. ஆகவே முதல் வினையில் விரல் வையுங்கள். காலம் அங்கே வந்துவிட்டதென்றால் பின்னால் வரும் எதுவும் ‘வென்ட்’, ‘ஸா’, ‘லைக்ஸ்’ போல மறுபடி காலம் காட்டக் கூடாது.

பின்னால் என்ன வடிவம் வரவேண்டும் என்பதையும் அந்த முதல் வினையே சொல்லிவிடும். டூ, டஸ், டிட் என்றால் வெறும் வினை. கேன், வில், ஷுட் போன்றவற்றுக்கும் அதுவே. ‘கேன் ஹீ ஸ்விம்ஸ்’ என்பதும் நம் பிழையின் உடன்பிறப்புதான். இஸ், ஆர், வாஸ் வந்தால் ‘கோயிங்’ போல ‘இங்’ வடிவம், செயப்பாட்டுவினையானால் மூன்றாம் வடிவம். ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் ‘கான்’, ‘ஸீன்’ போன்ற மூன்றாம் வடிவம். எந்தத் துணைவினைக்குப் பின்னும் இரண்டாம் வடிவமான ‘வென்ட்’டுக்கு இடமே இல்லை. துணையே இல்லாமல் தனியாக நிற்கும்போதுதான் அதற்கு மரியாதை.

காது ஏமாறும் இடங்கள் சில உண்டு. ‘டஸ் ஹீ ஹேஸ் எனி சில்ட்ரன்?’ என்பது நன்றாகப் படித்தவர்களிடமும் கேட்கிறது. ‘ஹேஸ்’ என்பதன் கடைசியில் உள்ளதும் அதே ‘ஸ்’தான், அது ‘டஸ்’ஸில் போய்விட்டது, எனவே ‘ஹேவ்’. ‘வாட் டிட் யூ டூ?’ என்பதில் இரண்டு ‘டூ’ வருகிறதே என்று தயங்கி ‘வாட் டிட் யூ டிட்’ என்று சொல்பவர்கள் உண்டு. முதலாவது சுமைகூலி, இரண்டாவதுதான் ‘செய்தாய்’. கட், புட், ஹிட் போன்ற வினைகளில் முதல் வடிவமும் இரண்டாம் வடிவமும் ஒன்றே என்பதால் பிழை வெளியே தெரியாது. ‘ரீட்’ என்ற வினையில் எழுத்து ஒன்று, ஓசை இரண்டு: ‘டிட் யூ ரெட் த பேப்பர்’ என்று படித்தால் தவறு, அதையே எழுதிக் காட்டினால் சரி! இந்தப் பிழைக்குப் பயந்து எல்லாவற்றையும் கழற்றிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஹீ டோன்ட் லைக்’ என்பதில் ‘ஸ்’ எங்குமே இல்லை. ஆங்கிலப் பாட்டுகளிலும் சில வட்டார வழக்குகளிலும் அது சகஜம், அலுவலகக் கடிதத்தில் செல்லாது.

இன்னொரு பொறி, எழுவாய் யார் என்று தெரியாத கேள்வி. ‘யார் போனது?’ என்பதற்கு ‘ஹூ வென்ட்?’ என்பதே சரி. இங்கே கேள்விச்சொல்லே எழுவாய். அது ஏற்கெனவே முன்னால் நிற்பதால் எதையும் உடைத்து நகர்த்தத் தேவையில்லை. விதியை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே வலிந்து ‘ஹூ டிட் கோ?’ என்பார்கள். அழுத்திக் கேட்டால் தவிர அது வராது. ‘யாரைப் பார்த்தாய்?’ என்றால் எழுவாய் ‘நீ’, எனவே ‘ஹூ டிட் யூ ஸீ?’.

ஒரு சிறிய கடிதத்தை எடுத்துக்கொண்டு இதையெல்லாம் போட்டுப் பார்க்கலாம். பார்சல் அனுப்பும் நிறுவனத்துக்கு ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

‘டிட் யூ காட் மை லெட்டர்? டிட் யூ கோ டு த வேர்ஹவுஸ் அண்ட் ஸா த பாக்ஸ்? அவர் மேனேஜர் டிட் நாட் அப்ரூவ்ட் த பில் அண்ட் ஆஸ்க்ட் மீ டு ரைட். டஸ் த பெர்சன் ஹூ ஹேண்டில்ஸ் அக்கவுன்ட்ஸ் ஹேஸ் எ காப்பி? ப்ளீஸ் டெல் மீ வேர் டஸ் த டிரைவர் ஸ்டாப்ஸ்.’

எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் இதில் ஒன்றையும் பிடிக்காது, ஏனெனில் ஒவ்வொரு சொல்லும் அகராதியில் உள்ள நல்ல சொல். கணினியில் எழுதுகிறவர் Ctrl+F அழுத்தி did என்று தேடினால் didn't வரைக்கும் எல்லாம் வந்து நிற்கும். அடுத்து does. இந்த இரண்டு தேடலே ஏறக்குறைய முழுச் சோதனை. நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் எழுவாயைத் தாண்டி அடுத்த வினைக்குப் போக வேண்டும்.

முதல் வாக்கியம் எளிது. டிட், எழுவாய் யூ, அடுத்த வினை ‘காட்’. அது ‘கெட்’ ஆக வேண்டும். இரண்டாவதில் ‘டிட் யூ கோ’ சரியாகவே இருக்கிறது, எழுதியவர் விதியை அறிந்தவர்தான். ‘அண்ட்’ வந்ததும் ‘டிட்’டின் நினைவு அறுந்துவிட்டது. போனாயா என்பதும் பார்த்தாயா என்பதும் ஒரே கேள்விக்குள் இருப்பதால் ‘டிட்’டின் கை இரண்டாவது வினை வரை நீள்கிறது, ‘கோ அண்ட் ஸீ’ என்றே வரவேண்டும். எழுதத் தேர்ந்தவர்களிடமும் கடைசியாக மிஞ்சி நிற்பது இந்த வகைதான் என்பது என் அனுபவம்.

மூன்றாவது வாக்கியத்தில் அதே பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஆபத்து. ‘அப்ரூவ்ட்’ நிச்சயம் ‘அப்ரூவ்’ ஆக வேண்டும். ‘ஆஸ்க்ட்’ என்பதை? மேலாளர் பில்லுக்கு ஒப்புதல் தரவில்லை. ஆனால் எழுதச் சொல்லிக் கேட்டார். ‘இல்லை’ முதல் வினையோடு நின்றுவிட்டது. ‘ஆஸ்க்’ என்று திருத்தினால் அவர் கேட்கவும் இல்லை என்று பொருள் மாறிவிடும். எனவே ‘ஆஸ்க்ட்’ அப்படியே இருக்கட்டும், வேண்டுமானால் அதற்கு முன் ஒரு ‘ஹீ’ சேர்த்தால் குழப்பமே வராது. இதை எந்த வாய்பாடும் சொல்லித் தராது. டிட்டின் கை எதுவரை நீள்கிறது என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காவதில் ‘டஸ்’ஸுக்குப் பின் இரண்டு வினைகள் இருக்கின்றன, இரண்டிலும் ‘ஸ்’. அவசரக்காரர் முதலில் கண்ணில் பட்ட ‘ஹேண்டில்ஸ்’ மேல் பாய்ந்து ‘ஸ்’ஸை வெட்டிவிட்டு, ‘ஹேஸ்’ஸை விட்டுவிடுவார். நிதானமாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘கணக்கு பார்க்கிறவரிடம் நகல் இருக்கிறதா?’ கேள்வி இருப்பதைப் பற்றியது. ‘கணக்கு பார்க்கிறவர்’ முழுவதும் எழுவாய், அதற்குள் உள்ள ‘ஹேண்டில்ஸ்’ தன் சிறு வாக்கியத்துக்குத் தானே பொறுப்பு. அதைத் தொடக் கூடாது. ‘ஹேஸ்’தான் ‘ஹேவ்’ ஆக வேண்டும். நீளமான எழுவாயைச் சோதிக்க அதைத் தூக்கிவிட்டு ‘ஹீ’ போட்டுப் பார்ப்பது நல்ல வழி. ‘டஸ் ஹீ ஹேஸ் எ காப்பி?’ என்று சுருங்கியதும் பிழை பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஐந்தாவது வாக்கியத்தைப் பார்த்தவுடன் ‘ஸ்டாப்ஸ்’ஸில் ‘ஸ்’ வெட்டத்தான் கை போகும். ‘டெல் மீ வேர் டஸ் த டிரைவர் ஸ்டாப்’ என்று எழுதினாலும் அது தவறே. ‘ஓட்டுநர் எங்கே நிற்கிறார் என்று சொல்லுங்கள்’ என்பதில் கேள்வி உள்ளே அடங்கிவிட்டது. வாக்கியம் வேண்டுகோள்தான், நேர்க்கேள்வி இல்லை. அடங்கிய கேள்வியில் ஆங்கிலம் வினையை உடைப்பதில்லை. வெட்ட வேண்டியது ‘டஸ்’ஸை. அது போனதும் அது சுமந்திருந்த ‘ஸ்’ தன் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், எழுதியவர் தெரியாமல் அதை அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்: ‘ப்ளீஸ் டெல் மீ வேர் த டிரைவர் ஸ்டாப்ஸ்.’